தப்பு என்று தெரியும். சரி எது என்று தெரியுமா?

“1970 கோடை விடுமுறையில் குடும்பத்தோடு ராமேஸ்வரம் போனோம். பாம்பன் பாலத்தில் பஸ் ஏறியதும் பிள்ளைகள் எல்லாரும் சன்னல் பக்கம் பாய்ந்தார்கள்.”

ஒரு பெரியவரின் நினைவுக்குறிப்பு நூல் அச்சுக்குப் போகிறது, அதன் கைப்பிரதியில் இந்த இரண்டு வரி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். படித்தவுடன் எடிட்டருக்கு உறுத்தும். பாம்பனில் சாலைப் பாலம் திறக்கப்பட்டது 1988-இல்தான். அதற்கு முன் அங்கே இருந்தது 1914-இல் திறக்கப்பட்ட ரயில் பாலம் மட்டுமே. 1970-இல் எந்த பஸ்ஸும் அந்தக் கடலைக் கடந்திருக்க முடியாது. ஆக, இந்த வாக்கியத்தில் பிழை இருக்கிறது. அதில் சந்தேகமே இல்லை.

இனி எடிட்டர் என்ன செய்வார்? கை துறுதுறுவென்று இருக்கும். ‘பஸ்’ஸை அடித்துவிட்டு ‘ரயில்’ என்று போட்டால் வேலை முடிந்தது. வாக்கியம் வரலாற்றோடு ஒத்துப்போகும், வாசகர் யாரும் கடிதம் போட மாட்டார். ஆனால் ஆசிரியர் போனது உண்மையிலேயே பஸ்ஸிலாக இருந்து, ஆண்டு மட்டும் 1990 என்பதற்குப் பதில் 1970 என்று பதிந்திருந்தால்? தட்டச்சு செய்தவர் கையெழுத்தில் இருந்த 9-ஐ 7 என்று படித்திருக்கலாம். அல்லது 1970-இல் ரயிலில் போன பயணமும் 1990-இல் பஸ்ஸில் போன பயணமும் அவர் நினைவில் ஒன்றாகக் கலந்திருக்கலாம். மூன்றும் நடக்கக்கூடியவை. மூன்றுக்கும் திருத்தம் வேறு வேறு. எடிட்டர் தானாகவே ‘ரயில்’ என்று மாற்றினால், கண்ணுக்குத் தெரிந்த ஒரு பிழையை எடுத்துவிட்டு, யார் கண்ணுக்கும் தெரியாத ஒரு பிழையை அங்கே வைத்திருப்பார். முன்னதை விவரம் தெரிந்த வாசகராவது கண்டுபிடித்திருப்பார். பின்னதை இனி யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

பதிப்பு வேலையில் இருப்பவர்கள் தினமும் எடுக்கும் முடிவு இது. ஒரு பெயரோ எண்ணோ தகவலோ சந்தேகமாகப் பட்டால் தானே மாற்றிவிடலாமா, ஆசிரியரைக் கேட்க வேண்டுமா? பிழை எவ்வளவு பெரியது என்பதைப் பார்த்துப் பலர் முடிவு செய்கிறார்கள்: சின்னப் பிழையை மாற்றிவிடுவது, பெரிய பிழைக்குக் கேட்பது. இந்த அளவுகோல் பயன்படாது என்பது என் கருத்து. பார்க்க வேண்டியது, அந்தப் பிழையை எத்தனை விதமாகத் திருத்த முடியும் என்பதை. ஒரே விதமாகத்தான் திருத்த முடியும் என்றால் திருத்திவிட்டு ஆசிரியருக்குச் சொல்லலாம். இரண்டாவது வழி ஒன்று இருந்தாலும் கேட்டே ஆக வேண்டும். ஒன்று தப்பு என்று தெரிந்துவிட்டால் சரியானது எது என்பதும் தெரிந்துவிட்டதாக மனம் எண்ணிக்கொள்கிறது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

கேட்காமலே மாற்றக்கூடியவை ஏராளம். ஒற்றுப் பிழை, ‘ந’கர ‘ன’கரக் குழப்பம், விடுபட்ட முற்றுப்புள்ளி, ஒரு பக்கத்தில் ‘இராமேசுவரம்’, மறு பக்கத்தில் ‘ராமேஸ்வரம்’ என்று வரும் முரண் ஆகியவற்றுக்கெல்லாம் ஆசிரியரைத் தொந்தரவு செய்யத் தேவையில்லை. அதற்குத்தான் பதிப்பகம் எடிட்டரை வைத்திருக்கிறது. மொழி சார்ந்த இந்த வேலையில் பழகிப்போன கை, அதே வேகத்தில் தகவலிலும் புகுந்துவிடுவதுதான் ஆபத்து.

இதை ஒரு பத்தியை எடுத்து வைத்துப் பார்த்தால் விளங்கும். கீழே இருப்பது எடுத்துக்காட்டுக்காக நானே எழுதியது. எழுதியவர் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் என்றும், நூலின் முதல் அத்தியாயத்தில் “1943-இல் ராமநாதபுரம் மாவட்டம் காரைக்குடியில் பிறந்தேன்” என்று அவர் சொல்லியிருக்கிறார் என்றும் கொள்வோம். இது தனுஷ்கோடிப் புயலைப் பற்றி அவர் எழுதுவது:

“1965 டிசம்பர் 22, செவ்வாய்க்கிழமை. எனக்கு அப்போது 22 வயது. காரைக்குடி ஸ்டேஷனில் வேலை. அமாவாசை இருட்டு, மழை விடவில்லை. அன்று ராத்திரி பாம்பனை விட்டுக் கிளம்பிய போட் மெயில் தனுஷ்கோடி போய்ச் சேரவில்லை. வண்டியில் இருந்த 150 பேரும் கடலோடு போனார்கள். என் சிநேகிதன் சந்தியாகு அக்காள்மடத்துக்காரன். அவன் வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். இரண்டு மைல் பாலத்தை மூன்றே மாதத்தில் சரிபண்ணிவிட்டார்கள்.”

முதலில் ஆண்டு. தனுஷ்கோடியைப் புயல் அழித்தது 1964 டிசம்பர் 22 நள்ளிரவை ஒட்டி. இது ஊரறிந்த செய்தி. கைப்பிரதியே இன்னொரு சாட்சியும் தருகிறது: ஆசிரியர் செவ்வாய்க்கிழமை என்கிறார். டிசம்பர் 22 செவ்வாயாக வந்தது 1964-இல்தான், 1965-இல் அது புதன். ஆக அவர் மனதில் இருந்தது சரியான நாளே. எழுதும்போது ஆண்டில் மட்டும் கை தவறியிருக்கிறது. வெளி ஆதாரமும் பிரதியின் உள் ஆதாரமும் ஒரே பக்கம் நிற்கின்றன, திருத்தவும் ஒரே வழிதான் இருக்கிறது. 1964 என்று மாற்றலாம். மாற்றியதைக் குறித்து வைத்து ஆசிரியருக்குச் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

மாற்றியவுடன் கண் அடுத்த வரிக்குப் போகும். 1943-இல் பிறந்தவருக்கு 1964-இல் 21 வயதுதானே, 22 என்று போட்டிருக்கிறாரே? 1965 என்று இருந்தபோது பொருந்திய கணக்கு இப்போது இடிக்கிறது. ஆண்டைத் திருத்திய வேகத்திலேயே வயதையும் 21 ஆக்கத் தோன்றும். இங்கே நிற்க வேண்டும். நம் ஊரில் வயது சொல்லும்போது முடிந்த வயதைச் சொல்பவர்களும் உண்டு, நடப்பு வயதைச் சொல்பவர்களும் உண்டு. 21 முடிந்து 22 நடக்கிறவர் “எனக்கு 22” என்று சொல்வது, அதிலும் அந்தத் தலைமுறையில், மிக இயல்பு. பிழையே இல்லாத இடம் இது. ஒரு எண்ணை மாற்றினால், அதைச் சார்ந்து நிற்கும் மற்ற எண்களை எல்லாம் எடிட்டர் தேடிப் பார்ப்பது கட்டாயம். பார்த்த பிறகு அவற்றையும் மாற்றுவது கட்டாயமில்லை.

அடுத்தது அமாவாசை. 1964 டிசம்பர் 19 பௌர்ணமி. 22-ஆம் தேதி என்பது பௌர்ணமி கழிந்து மூன்றாம் நாள். பஞ்சாங்கப்படி பார்த்தால் அன்று அமாவாசை இல்லவே இல்லை. ஆனால் ஆசிரியர் பஞ்சாங்கம் எழுதவில்லை. கும்மிருட்டை ‘அமாவாசை இருட்டு’ என்று சொல்வது வழக்கம். அவர் திதியைச் சொல்கிறாரா, இருட்டைச் சொல்கிறாரா? அவருக்கு மட்டும்தான் தெரியும். கேட்க வேண்டிய கேள்வி இது. பௌர்ணமிக்கு மூன்றாம் நாள் என்ற தகவலை மட்டும் சொல்லி, ‘அமாவாசை போல இருட்டு’ என்று வைக்கலாமா என்று கேட்டால் போதும்.

போட் மெயிலுக்கு வருவோம். அன்று கடலில் போனது பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்கு ஓடிய 653-ஆம் எண் பாசஞ்சர் வண்டி. சென்னையிலிருந்து வந்து, தனுஷ்கோடித் துறையில் இலங்கைக் கப்பலுக்குப் பயணிகளை இறக்கிவிட்ட போட் மெயில் வேறு. தனுஷ்கோடி என்றாலே போட் மெயில்தான் நினைவுக்கு வருவதால் இந்தக் குழப்பம் மக்கள் பேச்சில் சகஜம். அப்படியானால் ‘பாசஞ்சர்’ என்று மாற்றிவிடலாமா? பெயரை மாற்றுவது எளிது. ஆனால் எழுதியவர் ரயில்வேக்காரர். அவருக்கு இரண்டு வண்டிக்கும் வித்தியாசம் தெரியாமல் இருக்காது. மறுநாள் ஸ்டேஷனில் வந்து சேர்ந்த முதல் வதந்தியை அவர் அப்படியே எழுதியிருக்கலாம், அடுத்த பக்கத்தில் ‘பிறகுதான் தெரிந்தது’ என்று அவரே சொல்லவும் கூடும். ஆகவே முதலில் அத்தியாயம் முழுவதையும் படிக்க வேண்டும். அங்கே விளக்கம் இல்லையென்றால் கேட்க வேண்டும்.

150 என்ற எண்தான் இந்தப் பத்தியிலேயே கனமானது. அந்த வண்டியில் பயணிகள் 110, ஊழியர் 5, ஆக 115 பேர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. சீட்டு வாங்காமல் ஏறியவர்களையும் சேர்த்தால் இருநூறை நெருங்கும் என்ற பேச்சும் உண்டு. 150 இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. எடிட்டர் அதை 115 ஆக்கினால் நூல் மற்ற நூல்களோடு ஒத்துப்போகும். ஆனால் ஒரு ரயில்வே ஊழியர் அந்த நாட்களில் தன் காதால் கேட்ட எண் அழிந்துவிடும். நினைவுக்குறிப்பின் மதிப்பே மற்ற நூல்களில் இல்லாததை அது வைத்திருப்பதுதான். இறந்தவர்களின் எண்ணிக்கையை ஆசிரியர் அறியாமல் கூட்டவோ குறைக்கவோ எடிட்டருக்கு உரிமை கிடையாது. எந்த வகை நூலானாலும் இதில் விதிவிலக்கு இருப்பதாக நான் நினைக்கவில்லை.

பாலத்தின் நீளம் பற்றிய வரி பார்வைக்குச் சாதாரணம். பழைய பாம்பன் ரயில் பாலம் ஏறத்தாழ 2 கிலோமீட்டர், அதாவது ஒன்றேகால் மைலுக்குச் சற்றே கூட. ஆசிரியர் கிலோமீட்டரை மைல் என்று எழுதிவிட்டார் என்று தோன்றும், பெரும்பாலும் அதுதான் உண்மையாகவும் இருக்கும். ஆனால் ‘இரண்டு கிலோமீட்டர்’ என்று திருத்துவதா, ‘ஒன்றேகால் மைல்’ என்று திருத்துவதா? நூல் முழுவதும் அவர் மைலில்தான் பேசுகிறார் என்றால் இந்த ஓரிடத்தில் மட்டும் கிலோமீட்டர் ஒட்டாது. இரண்டு திருத்தமும் கணக்கில் சரி. தேர்வு அவருடையது.

‘மூன்று மாதம்’ இன்னும் சுவையான சிக்கல். புயலில் சிதைந்த பாலத்தைச் சீர்செய்ய ரயில்வே ஆறு மாதம் குறித்தது, மேலதிகாரி அதை மூன்று மாதமாகக் குறைத்தார், பொறுப்பேற்ற இளம் பொறியாளர் இ. ஸ்ரீதரன் 46 நாளில் முடித்தார். பின்னாளில் கொங்கண் ரயில் பாதையிலும் டெல்லி மெட்ரோவிலும் புகழ் பெற்ற அதே ஸ்ரீதரன்தான். ஆக மூன்று மாதம் என்பது வெறும் கற்பனை எண் இல்லை. அது இலக்காக இருந்தது. ஆசிரியர் இலக்கையும் முடிந்த நாளையும் குழப்பிக்கொண்டிருக்கலாம். கேள்வியில் இந்த விவரத்தையும் சேர்த்து எழுதினால், “அட, ஆமாம், மூன்று மாதம் கொடுத்தார்கள், அதற்குள்ளேயே முடித்துவிட்டார்கள்” என்று அவரே இன்னும் நல்ல வாக்கியம் ஒன்றை எழுதித் தருவார். நல்ல கேள்வி பல சமயம் பிழையைத் திருத்துவதோடு நிற்பதில்லை. மறந்துபோன ஒன்றை மேலே கொண்டுவருகிறது.

இதுவரை பார்த்தவை பிழையாக இருக்கக்கூடியவை. பார்வைக்குப் பிழைபோலத் தெரிந்து, உண்மையில் துல்லியமாகச் சரியாக இருப்பவைதான் எடிட்டரிடம் அதிகம் அடி வாங்குகின்றன. அந்தப் பத்தியிலேயே இரண்டு இருக்கின்றன. ராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடம் என்ற ஊரைப் பலருக்கும் தெரியும். அதனால் ‘அக்காள்மடம்’ என்பதைக் கை தவறியதாக எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது. ஆனால் அக்காள்மடமும் அதே தீவில் இருக்கும் ஊர்தான். ‘சந்தியாகு’ என்ற பெயரும் அப்படியே. கடற்கரைக் கத்தோலிக்கக் குடும்பங்களில் புனித யாகப்பரின் பெயரான சந்தியாகப்பரை ஒட்டி வழங்கும் பெயர் அது. தெரியாதவர் கையில் அது ‘தியாகு’ ஆகிவிடும். திருத்திய பிறகு பெயர் இன்னும் அழகாக, இன்னும் பழக்கமாக இருக்கும். ஆனால் அந்த மனிதர் அங்கே இருக்க மாட்டார்.

முதல் அத்தியாயத்தில் வரும் ‘ராமநாதபுரம் மாவட்டம் காரைக்குடி’யும் இதே வகை. காரைக்குடி இன்று சிவகங்கை மாவட்டத்தில் இருக்கிறது. ஆனால் சிவகங்கை தனி மாவட்டமானது 1985-இல். 1943-இல் பிறந்தவர் ராமநாதபுரம் மாவட்டம் என்று எழுதுவது சரி. ‘திருத்தினால்’தான் பிழை. நாகப்பட்டினம் மாவட்டம் 1991-இல் உருவானது, திருவாரூர் 1997-இல், மயிலாடுதுறை 2020-இல். அதற்கு முந்தைய எந்த நிகழ்ச்சிக்கும் அந்த ஊர்களைத் தஞ்சாவூர் மாவட்டத்து ஊர்களாக எழுதியிருந்தால் கை வைக்கும் முன் ஆண்டைப் பார்க்க வேண்டும். 1972-க்கு முந்தைய ஒரு பத்தியில் ஆசிரியர் ‘சிலோன்’ என்று எழுதியிருந்தால், அதை ‘இலங்கை’ என்று மாற்றுவதற்கு முன்பும் அவரைக் கேட்பது நல்லது. அவர் அந்தக் காலத்துச் சொல்லைத் தெரிந்தே வைத்திருக்கக்கூடும்.

ஆண்டுகளில் இன்னொரு பொறி உண்டு. திருவிதாங்கூர்ப் பக்கத்துக் குடும்பக் கதைகளில் ‘99-ஆம் ஆண்டு வெள்ளம்’ என்று வரும். பழக்கமில்லாதவர் 1899 என்றோ 1999 என்றோ முழுமையாக்கிவிடுவார். அது கொல்லம் ஆண்டு 1099, நம் கணக்கில் 1924 ஜூலை. தமிழ் ஆண்டுகளிலும் இதே கதை. சித்திரையில் தொடங்கும் ஆண்டு இரண்டு ஆங்கில ஆண்டுகளில் கால் வைத்து நிற்கிறது. ‘குரோதி வருஷம் தை மாதம்’ என்று ஒருவர் எழுதி, பக்கத்தில் 1965 என்று போட்டிருந்தால், “குரோதி 1964 ஆயிற்றே” என்று மாற்றக் கூடாது. குரோதி 1964 ஏப்ரலில் தொடங்கினாலும் அதன் தை மாதம் 1965 ஜனவரியில்தான் பிறக்கிறது.

ஏட்டுச்சுவடிகளைப் பரிசோதித்தவர்களுக்கு இந்த நோய் நன்றாகத் தெரியும். பெயர்த்து எழுதுகிறவர் தனக்குப் புரியாத அரிய சொல்லைத் தனக்குத் தெரிந்த எளிய சொல்லாக மாற்றிவிடுவார். எளிய சொல்லை யாரும் அரிய சொல்லாக மாற்றுவது அபூர்வம். ஆகவே இரண்டு பாடம் கிடைக்கும்போது கடினமானதே மூலமாக இருக்க வாய்ப்பு அதிகம் என்பது சுவடிப் பதிப்பில் பழைய வழிமுறை. உ.வே. சாமிநாதையர் புறநானூற்றை 1894-இல் பதிப்பித்தபோது அவருக்குக் கேள்வி கேட்க ஆசிரியர் யாரும் இல்லை. அவர் சுவடிகளைக் கேட்டார். மாறுபடும் பாடங்களைப் பிரதிபேதமாகக் குறித்துக்காட்டினார். 267, 268-ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. வேறு பல பாடல்களில் சொற்களும் அடிகளும் சிதைந்திருக்கின்றன. யாப்பு அறிந்த ஒரு புலவருக்கு அந்த இடைவெளிகளைத் தானே இட்டு நிரப்புவது முடியாத காரியம் அல்ல. நிரப்பவில்லை என்பதால்தான் இன்று அந்த நூலில் இருக்கும் சொல்லை நாம் நம்ப முடிகிறது. மறைந்த எழுத்தாளர்களின் நூலை மறுபதிப்புச் செய்யும்போது இன்றைக்கும் வழி இதுதான். மூலத்தை அப்படியே வைத்து, சந்தேகத்தை அடிக்குறிப்பில் ‘பதிப்பாசிரியர்’ என்று அடையாளமிட்டுச் சொல்ல வேண்டும்.

உயிரோடு இருக்கும் ஆசிரியரிடம் கேட்கும் விதத்துக்கு வருவோம். ஓரத்தில் ‘சரிபார்க்கவும்’ என்று எழுதிக் கேள்விக்குறி போட்டு அனுப்புவது வழக்கமாகிவிட்டது. இதைவிடப் பயனற்ற கேள்வி வேறில்லை. எதைச் சரிபார்ப்பது, ஏன் சந்தேகம், நீ என்ன கண்டாய் என்று எதுவும் அதில் இல்லை. ஆசிரியர் தான் எழுதியதையே மறுபடி படித்துவிட்டு “சரிதான்” என்று எழுதித் திருப்பி அனுப்புவார். 150 பற்றிய கேள்வி இப்படி இருந்தால் பதில் கிடைக்கும்:

“பக்கம் 84, இரண்டாம் பத்தி: ‘வண்டியில் இருந்த 150 பேரும்’. ஐயா, பரவலாகச் சொல்லப்படும் கணக்கு பயணிகள் 110, ஊழியர் 5, ஆக 115. சீட்டு இல்லாமல் ஏறியவர்களைச் சேர்த்தால் இன்னும் கூடும் என்றும் சொல்கிறார்கள். 150 என்பது அப்போது நீங்கள் கேள்விப்பட்ட எண்ணா? ஆம் என்றால் ‘150 பேர் என்று பேசிக்கொண்டோம்’ என வைக்கலாமா? இல்லை, 115 என்று மாற்றலாமா? உங்கள் பதில் வரும்வரை 150-ஐத் தொடவில்லை.”

இடம், ஆசிரியரின் சொல், எடிட்டர் கண்டது, தேர்ந்துகொள்ள வழிகள், இப்போதைய நிலை எல்லாம் இதில் இருக்கின்றன. ஆசிரியர் ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். ‘உங்கள் எண் தவறு’ என்ற தொனி எங்கும் இல்லை. தொனி முக்கியம். எண்பது வயதுக்காரர் தன் வாழ்க்கையை எழுதிக் கொடுத்திருக்கிறார். கேள்வித்தாள் திருத்துகிற குரலில் பத்துக் கேள்வி போனால் பதினோராவது கேள்விக்கு அவர் பதில் சொல்ல மாட்டார்.

எண்ணிக்கையும் அப்படித்தான். எல்லாவற்றையும் கேட்பது பொறுப்பானது போலத் தோன்றும். உண்மையில் அது பொறுப்பை ஆசிரியர் தலையில் கட்டுவது. நூலகத்திலோ பழைய நாட்காட்டியிலோ பத்து நிமிடத்தில் தெரிந்துகொள்ளக்கூடியதை எடிட்டரே தெரிந்துகொள்ள வேண்டும். டிசம்பர் 22 என்ன கிழமை என்று ஆசிரியரைக் கேட்பது சோம்பல். ஆசிரியருக்கு மட்டுமே தெரிந்ததை, அல்லது ஆசிரியர் மட்டுமே தீர்மானிக்க வேண்டியதைக் கேட்பதுதான் கேள்வி. மேலே பார்த்த பத்தியில் சந்தேகம் ஒன்பது இடங்களில் எழுந்தது. கேள்வியாகப் போக வேண்டியவை அமாவாசை, போட் மெயில், 150, மைல், மூன்று மாதம் என்ற ஐந்துதான். ஆண்டைத் திருத்தியாகிவிட்டது. வயது, அக்காள்மடம், சந்தியாகு ஆகியவை விசாரித்துத் தெளிந்து, அப்படியே விடப்பட்டவை. அவை பின்னால் மெய்ப்புப் பார்க்கிறவர் கையில் மறுபடி அடிபடாமல் இருக்க, ‘இது சரி, மாற்ற வேண்டாம்’ என்று ஓரத்தில் குறித்து வைப்பது மிக அவசியம். அச்சகத்தில் இதற்கு ‘ஸ்டெட்’ என்று எழுதி அடியில் புள்ளி வைப்பார்கள்.

கேள்விகள் அனைத்தும் பக்க அமைப்புக்கு முன்பே, கைப்பிரதி நிலையிலேயே போய்விட வேண்டும். பக்கம் கட்டிய பிறகு ஒரு வரி கூடினால் அடுத்தடுத்த பக்கங்கள் நகரும், சொல்லடைவின் பக்க எண்கள் குலையும். அப்போது “இந்த ஒன்றை நாமே மாற்றிவிடலாமே” என்ற சபலம் மிக வலுவாக எழும். தொலைபேசியில் கேட்டால் வந்த பதிலை, யார் எப்போது சொன்னது என்று எழுதி வைக்க வேண்டும். இரண்டாம் பதிப்பின்போது அந்தத் தாள்தான் பேசும்.

பதில் “நீங்களே பார்த்துப் போடுங்க தம்பி” என்று வருவதும் உண்டு. இதை அனுமதியாக எடுத்துக்கொண்டு 150-ஐ 115 ஆக்கக் கூடாது. “அப்படியானால் ‘150 பேர் என்று பேசிக்கொண்டோம்’ என வைக்கிறேன், சரிதானே ஐயா?” என்று ஒரு முறை சொல்லி ‘ஆம்’ வாங்கிக்கொள்ள வேண்டும். ஆசிரியர் தவறான எண்ணில் பிடிவாதமாக நின்றால் அவர் சொல் அவர் நூலில் இருக்கட்டும், பதிப்பகம் அடிக்குறிப்பில் மாற்றுக் கணக்கைத் தரலாம். ஆனால் உயிரோடு இருக்கும் ஒருவர் மேல் பழி சொல்லும் தகவலாக இருந்தால் இந்தத் தாராளம் கிடையாது. ஆதாரம் வராதவரை அந்த வாக்கியம் அச்சேறக் கூடாது.

நாளிதழில் நிலை வேறு. இரவு பக்கம் முடிக்கும் நேரத்தில் நிருபர் போனை எடுக்கவில்லை என்றால் காத்திருக்க வழியில்லை. அங்கே இருக்கும் நேர்மையான வழி, சந்தேகப்பட்ட எண்ணை வேறு எண்ணாக மாற்றாமல் எடுத்துவிடுவது. ‘150 பேர்’ என்பதை ‘வண்டியில் இருந்தவர்கள்’ என்று ஆக்கினால் செய்தி கொஞ்சம் மெலியும், பொய்யாகாது.

இன்று பல குடும்பங்கள் தாத்தா, பாட்டியின் நினைவுகளைத் தொகுத்துச் சொந்தச் செலவில் நூலாக்குகின்றன. ஊர்க் கோயில் மலரும் பள்ளி ஆண்டு மலரும் வருகின்றன. அப்படி எதையாவது அச்சுக்குக் கொடுக்கப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். கைப்பிரதியோடு தனித் தாளில் எல்லா ஆட்பெயர்களையும் ஊர்ப்பெயர்களையும் நீங்கள் எழுதும் முறையில் எழுதிக் கொடுங்கள். விசித்திரமாகத் தெரியும் பெயருக்கும் எண்ணுக்கும் பக்கத்தில் ‘இப்படித்தான்’ என்று குறியுங்கள். எந்த ஆண்டு கொல்லம், எது ஆங்கிலம், எந்த வயது நடப்பு, எது முடிந்தது என்று சொல்லிவிடுங்கள். பதிப்பகத்திலிருந்து கேள்விப் பட்டியல் வந்தால் ஒவ்வொன்றுக்கும் எழுத்தில் பதில் அனுப்புங்கள். பட்டியலே வராவிட்டால், “எதையாவது மாற்றினீர்களா?” என்று நீங்களே கேளுங்கள்.